வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டுற வீட்டுக்கு எந்த பட்ஜெட் சரி? 50-30-20 ரூலா, ஜீரோ பேஸ்டு பட்ஜெட்டா?

சம்பளம் கைக்கு வந்ததும் பாதியைத் தேவைகளுக்கு, 30 சதவீதத்தை ஆசைகளுக்கு, 20 சதவீதத்தை சேமிப்புக்குன்னு பிரிச்சிடுங்க. இதுதான் 50-30-20 ரூல். ரெண்டு மூணு பேரோட ரூம் ஷேர் பண்ணிட்டு இருந்த காலத்துல இது அழகா வேலை செஞ்சிருக்கும். கல்யாணம் ஆகி, தனி வீடு எடுத்து, குழந்தையை ஸ்கூல்ல சேர்த்த பிறகு அதே ரூலைப் போட்டுப் பாருங்க. தேவைகளே 70 சதவீதத்தைத் தாண்டி நிக்கும். உடனே "நாமதான் தாறுமாறா செலவு பண்றோமோ"ன்னு ஒரு குற்ற உணர்ச்சி வரும்.

பெரும்பாலான வீடுகள்ல அது உண்மை இல்ல. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் இந்த மாசம் குறைக்கலாம்னு நினைச்சா குறையுற செலவுகள் இல்ல. அதுலயும் ஃபீஸ் மாசா மாசம் வராது. வருஷத்துல மூணு தடவை மொத்தமா வந்து நிக்கும். இந்த ரெண்டையும் 50-30-20 ரூலால சரியா கையாள முடியாது. அதனால என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். மாசா மாசம் வீட்டை ஓட்டுறதுக்கு ஜீரோ பேஸ்டு பட்ஜெட். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டோட நிலைமையை செக் பண்றதுக்கு 50-30-20. ஏன்னு ஒரு குடும்பத்தோட கணக்கை வெச்சே பார்க்கலாம். வீடியோவுல இந்தக் கணக்கை முழுசா போட நேரம் பத்தாது, அதனால இங்க நிதானமா போட்டுக் காட்டறேன்.

அந்த 50 யாருக்காக எழுதினது?

இந்த ரூலைப் பிரபலமாக்கினது எலிசபெத் வாரனும் அவரோட மகள் அமீலியா வாரன் தியாகியும். 2005-ல ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின புத்தகத்துல, வரி போக கைக்கு வர்ற பணத்தை இப்படி மூணாப் பிரிக்கச் சொன்னாங்க. வாரன் அப்போ ஹார்வர்டுல சட்டப் பேராசிரியர், திவாலாகிற குடும்பங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவர். பிறகுதான் செனட்டர் ஆனார்.

இங்க ஒரு விஷயத்தை கவனிக்கணும். அமெரிக்காவுல பெரும்பாலான பிள்ளைங்க ஃபீஸ் இல்லாத அரசுப் பள்ளியிலதான் படிக்கிறாங்க. அதனால "கட்டாயத் தேவை" லிஸ்ட்டுல ஸ்கூல் ஃபீஸ்னு ஒரு பெரிய தலைப்பு அங்க எல்லா வீட்டுக்கும் வராது. அதுக்காக அங்க ஸ்கூல் செலவே கிடையாதுன்னும் சொல்ல முடியாது. நல்ல ஸ்கூல் இருக்கிற ஏரியாவுல வீடு வாங்கப் போட்டி போட்டுத்தான் குடும்பங்கள் கடன்ல மாட்டுதுன்னு இதே ரெண்டு பேரும் 2003-ல எழுதின முந்தின புத்தகத்துல சொல்லியிருக்காங்க. அதாவது அங்க ஸ்கூல் செலவு வீட்டு விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நம்ம ஊர்ல வீட்டுக்கு வாடகை தனி, ஸ்கூலுக்கு ஃபீஸ் தனி. ரெண்டையும் ஒரே 50-க்குள்ள அடைக்கணும்னு எதிர்பார்க்கிறது கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு வீட்டுக் கணக்கு

உதாரணத்துக்கு சென்னையில ஒரு குடும்பம்னு வெச்சுக்குவோம். கணவன், மனைவி, ரெண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பொண்ணு. ஒருத்தருக்கு டேக்-ஹோம் 48,000, இன்னொருத்தருக்கு 27,000. மொத்தம் 75,000 ரூபாய். பிஎஃப் பிடிச்ச பிறகு வர்ற பணம் இது. பிஎஃப்பும் சேமிப்புதான், ஆனா இந்த மாசச் செலவுக்கு அதை எடுக்க முடியாது. அதனால இந்தக் கணக்குல அதைத் தொட வேண்டாம்.

வாடகை 17,000, மெயின்டனன்ஸ் 1,500. மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 13,000. பெட்ரோல், பஸ் செலவு 4,000. பைக் இஎம்ஐ 3,500. போன், நெட் 1,300. ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு 4,000. கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 2,400 வருது, அப்போ மாசத்துக்கு 1,200. டேர்ம் இன்சூரன்ஸும் ஹெல்த் இன்சூரன்ஸும் சேர்த்து வருஷத்துக்கு 30,000, மாசத்துக்கு 2,500.

இப்போ ஸ்கூல். டேர்ம் ஃபீஸ் 24,000. ஜூன், அக்டோபர், ஜனவரின்னு மூணு தடவை, ஆக 72,000. ஜூன்ல புக்ஸ், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ எல்லாத்துக்கும் 12,000. மொத்தம் வருஷத்துக்கு 84,000, மாசத்துக்குப் பிரிச்சா 7,000. வேன் ஃபீஸ் மாசம் 1,800 வீதம் பத்து மாசத்துக்கு 18,000, பன்னிரண்டா பிரிச்சா 1,500.

எல்லாத்தையும் கூட்டினா 56,500 ரூபாய். 75,000-ல இது 75 சதவீதம். இதுல வெளியில சாப்பிட்டது, சினிமா, புதுத் துணி எதுவுமே இல்ல. இதே செலவு 50 சதவீதத்துக்குள்ள அடங்கணும்னா டேக்-ஹோம் 1,13,000 ஆகணும்! நாளைக்கே மேனேஜர்கிட்ட போய் 38,000 ரூபாய் ஏத்திக் கேக்க முடியுமா?

சரி, 50 வேண்டாம், நம்ம வசதிக்கு 75-10-15-னு மாத்திக்கலாமேன்னு கேப்பீங்க. மாத்திக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. ஆனா சதவீதத்தை மாத்தினாலும் ஒரு ஓட்டை அப்படியே இருக்கும்.

ஜூலையும் ஜூனும் ஒண்ணு இல்ல

மேல நான் போட்ட 56,500-ங்கிறது வருஷக் கணக்கை பன்னிரண்டா பிரிச்ச சராசரி. நடைமுறையில யாரும் சராசரி மாசத்துல வாழறதில்ல. ஜூலை மாசத்தை எடுத்துக்குங்க. டேர்ம் ஃபீஸ் கிடையாது. அந்த 7,000 வெளிய போகாது. மத்த கணக்கெல்லாம் அப்படியே இருந்தா தேவைகள் 49,500-தான், 66 சதவீதம். "பரவாயில்லையே, இந்த மாசம் கையில பணம் நிக்குது"ன்னு ஒரு ஏசியோ மிக்ஸியோ இஎம்ஐ-ல உள்ள வரும். யாரும் தப்பு பண்ணல. கணக்குல பணம் இருந்துச்சு, செலவு பண்ணாங்க.

அடுத்த ஜூன்ல அதே 49,500 இருக்கும். அதுக்கு மேல டேர்ம் ஃபீஸ், புக்ஸ் சேர்த்து 36,000. மொத்தம் 85,500. சம்பளமே 75,000. பத்தாததுக்கு ஜூலையில வந்த மிக்ஸிக்கு இஎம்ஐ வேற. இந்த இடத்துலதான் கிரெடிட் கார்டு வெளிய வரும், இல்ல நகை பேங்குக்குப் போகும். கார்டுல கட்டி மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வந்தா மாசத்துக்கு மூணு, மூணரை சதவீதம் வட்டி ஓடும். அந்தக் கடனை அடைச்சு நிமிரும்போது அக்டோபர் டேர்ம் வந்திருக்கும், பக்கத்துலயே தீபாவளி. ஜனவரி டேர்ம் வரும்போது பொங்கல்.

50-30-20 ரூல் ஒரு மாசத்தை மட்டும் பார்க்குது. ஜூலையில உங்க கையில இருக்கிற 7,000 ஏற்கெனவே ஸ்கூலுக்குச் சொந்தமானதுன்னு அது சொல்லாது. வாடகையும் ஃபீஸும் சேர்ந்து சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகிற வீட்டுல இந்த ஓட்டை ரொம்பப் பெருசா தெரியும். நம்ம உதாரணக் குடும்பத்துக்கு மெயின்டனன்ஸையும் வேன் ஃபீஸையும் சேர்த்தா அது 36 சதவீதம்.

ஜீரோன்னா அக்கவுன்ட் காலின்னு அர்த்தம் இல்ல

ஜீரோ பேஸ்டு பட்ஜெட் முதல்ல வீட்டுக்காக வந்தது இல்ல, கம்பெனிக்காக. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில வேலை பார்த்த பீட்டர் பைர் இதைப் பத்தி 1970-ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவுல எழுதினார். அதைப் பார்த்து ஜார்ஜியா மாகாண கவர்னரா இருந்த ஜிம்மி கார்ட்டர் தன்னோட அரசாங்கத்துல கொண்டுவந்தார். "போன வருஷம் பத்து லட்சம் கொடுத்தோம், இந்த வருஷம் பதினொண்ணு கொடுங்க"ன்னு கேக்கக் கூடாது. ஒவ்வொரு செலவையும் பூஜ்யத்துல இருந்து நியாயப்படுத்தணும். அதுதான் அடிப்படை.

வீட்டுக்கு வரும்போது அது இன்னும் சிம்பிள். சம்பளம் வந்த அன்னிக்கே, ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வேலை கொடுத்திடணும். வருமானத்துல இருந்து எல்லா ஒதுக்கீட்டையும் கழிச்சா மிச்சம் பூஜ்யம் வரணும். இதைக் கேட்டதும் "அப்போ மாசக் கடைசியில அக்கவுன்ட்ல ஒண்ணுமே இருக்காதா?"ன்னு நிறைய பேர் பயப்படுறாங்க. அப்படி இல்ல. எஸ்ஐபி-யும் ஒரு வேலை, எமர்ஜென்சி ஃபண்டும் ஒரு வேலை, அடுத்த ஜூன் ஃபீஸும் ஒரு வேலை. பணம் அக்கவுன்ட்ல இருக்கும். பேர் இல்லாத பணம்தான் இருக்காது.

நம்ம குடும்பத்துக்கு தேவைகள் போக மிச்சம் 18,500. அதை இப்படிப் பிரிக்கலாம்:

- எஸ்ஐபி: 6,000
- எமர்ஜென்சி ஃபண்டு: 3,000
- தீபாவளி, பொங்கல், கல்யாணம், மொய்: 2,000
- டாக்டர், மருந்து: 1,000
- பைக் சர்வீஸ், வீட்டு ரிப்பேர்: 1,000
- வெளியில சாப்பாடு, சினிமா, துணி: 3,000
- ஆளுக்கு 1,000 கைச்செலவு: 2,000
- மறந்து போனதுக்கு: 500

கூட்டிப் பாருங்க, சரியா 18,500. மிச்சம் பூஜ்யம்.

இதுல ரெண்டு வரியைப் பத்தி மட்டும் சொல்றேன். முதல்ல மொய். வருஷத்துக்கு எத்தனை கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் வரும்னு நமக்குத் தோராயமா தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பத்திரிகையும் வரும்போது எதிர்பாராத செலவு மாதிரிதான் பண்ணுவோம். வைகாசி, ஆவணி மாதிரி முகூர்த்த மாசங்கள்ல நாலு பத்திரிகை வந்தா அந்த மாச பட்ஜெட் காலி. மாசம் 2,000 ஒதுக்கினா வருஷத்துக்கு 24,000, பண்டிகைத் துணியும் அதுலயே. ரெண்டாவது கைச்செலவு. அந்த ஆயிரத்துக்கு கணக்கு கேக்கக் கூடாது. டீ குடிச்சாலும் சரி, ஆன்லைன்ல ஏதாவது வாங்கினாலும் சரி. இந்த வரி இல்லாத பட்ஜெட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஆடிட் பண்ண ஆரம்பிப்பாங்க. பட்ஜெட்டை நிறுத்தினாத்தான் நிம்மதின்னு ஆயிடும்.

ஃபீஸ் பணத்துக்குத் தனி அக்கவுன்ட்

வாடகையோட பணத்துக்குத் தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம். சம்பளம் வந்து அஞ்சாம் தேதிக்குள்ள அது தானா போயிடும். ஸ்கூல் பணம்தான் மாசக்கணக்குல சும்மா உக்காந்திருக்கும். சும்மா இருக்கிற பணத்தை மெயின் அக்கவுன்ட்ல வெச்சா நம்ம கண்ணுக்கு அது செலவுக்கான பணமாத்தான் தெரியும். அதனால இதுக்குன்னு ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட் தனியா வெச்சுக்குங்க. சம்பளம் வந்த மறுநாள் 7,000 அங்க தானா போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போடுங்க. அந்த அக்கவுன்ட்டை போன்ல இருக்கிற யுபிஐ ஆப்போட லிங்க் பண்ணாதீங்க. மினிமம் பேலன்ஸ் எவ்வளவுன்னு மட்டும் முதல்லயே கேட்டுக்குங்க, அந்தத் தொகை ஃபீஸ் பணத்துல சேராது. இந்தப் பணத்தை ஈக்விட்டி ஃபண்டுல போட்டு நாலு காசு சேர்க்கலாம்னு நினைக்காதீங்க. ஜூன் மாசம் மார்க்கெட் விழுந்திருந்தா ஸ்கூல்ல காத்திருக்க மாட்டாங்க.

ஜூலையில ஆரம்பிச்சா கணக்கு எப்படி ஓடும்னு பாருங்க. ஜூலை 7,000, ஆகஸ்ட் 14,000, செப்டம்பர் 21,000. அக்டோபர் பணம் விழுந்ததும் 28,000, அதுல ஃபீஸ் 24,000 போக மிச்சம் 4,000. நவம்பர் 11,000, டிசம்பர் 18,000, ஜனவரி 25,000, ஃபீஸ் போக 1,000. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் ஏறி 29,000. ஜூன் பணத்தோட 36,000. டேர்ம் ஃபீஸும் புக்ஸும் கட்டினதும் பூஜ்யம். புக்ஸுக்கு உண்டான 12,000-ஐ மே மாசமே கேட்டாலும் பிரச்சினை இல்ல, 29,000-ல அது போக 17,000 இருக்கும், ஜூன்ல 7,000 சேர்ந்து 24,000 ஆயிடும்.

ஆனா சில ஸ்கூல்கள்ல முழுத் தொகையையும் ஏப்ரல்லயே கட்டச் சொல்லுவாங்க. அப்போ கையில 22,000-தான் இருக்கும், 14,000 குறையும். அதாவது ரெண்டு மாசப் பணம். உங்க ஸ்கூல் அப்படின்னா, ஆரம்பிக்கும்போதே ஒரு போனஸோ இன்சென்டிவோ வந்த நேரத்துல 14,000-ஐ முதல்ல போட்டு வெச்சிடுங்க. அதுக்குப் பிறகு மாசம் 7,000 போதும்.

இங்க பலர் சறுக்குற ஒரு இடம் இருக்கு. வருஷத்து நடுவுல ஆரம்பிக்கிறவங்களும் 84,000-ஐ பன்னிரண்டால வகுத்து 7,000 போட ஆரம்பிப்பாங்க. மார்ச்ல ஆரம்பிச்சா ஜூனுக்குள்ள நாலு தடவைதான் பணம் விழும். 28,000 இருக்கும், வேண்டியது 36,000. அதனால முதல் ஃபீஸ் வரைக்கும் மட்டும், அந்த ஃபீஸ் தொகையை மிச்சமிருக்கிற மாசங்களால வகுக்கணும். மார்ச்ல ஆரம்பிக்கிறவங்க மாசம் 9,000 போடணும், ஜூலையில இருந்து 7,000-க்கு வந்திடலாம். அந்த கூடுதல் 2,000 எங்கிருந்து வரும்? எஸ்ஐபி-யை நாலு மாசத்துக்குக் குறைச்சா வரும். நான் அதைத்தான் பண்ணச் சொல்லுவேன். கிரெடிட் கார்டு வட்டியைத் தாண்டி உறுதியா சம்பாதிச்சுக் கொடுக்கிற ஃபண்டு எதுவும் கிடையாது.

இன்சூரன்ஸ் பிரீமியம், மொய், ரிப்பேர் இதுக்கும் இதே முறைதான். ஆனா அதையெல்லாம் ஸ்கூல் அக்கவுன்ட்லயே கலக்காதீங்க. கலந்தா தீபாவளித் துணி எடுக்கும்போது மொத்த பேலன்ஸைப் பார்த்து கை தாராளமாயிடும்.

இது எங்க உடையும்?

ஜீரோ பேஸ்டு பட்ஜெட்டை ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் மூணாவது மாசம் நிறுத்திடுறாங்க. காரணம் ரொம்ப சாதாரணமானது. மளிகைக்கு 13,000 போட்டிருப்பாங்க, 15,200 ஆகியிருக்கும். "நமக்கு இதெல்லாம் செட் ஆகாது"ன்னு விட்டுடுவாங்க.

இந்த முறையில ஒரு வரி தாண்டினா இன்னொரு வரியில இருந்து நகர்த்தணும், அவ்வளவுதான். வெளியில சாப்பாட்டுக்கு வெச்ச 3,000-ல இருந்து 2,200 மளிகைக்கு வந்துடும், இந்த மாசம் சினிமாவுக்கு 800-தான். மொத்தம் மறுபடியும் பூஜ்யம். ஆனா தொடர்ந்து மூணு மாசம் மளிகை 15,000-ஐத் தொட்டா, 13,000-ங்கிறது உங்க ஆசை, கணக்கு இல்ல. அந்த எண்ணை 15,000 ஆக்கிட்டு, அந்த 2,000 எந்த வரியில இருந்து நிரந்தரமா வரும்னு ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணணும். நகர்த்தக் கூடாத ஒரே வரி ஸ்கூல். அங்க இருந்து எடுத்தது ஜூன் வரைக்கும் தெரியாது, தெரியும்போது சரி பண்ண நேரம் இருக்காது. மேல சொன்ன மாச பேலன்ஸை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க. டிசம்பர்ல 18,000 இருக்க வேண்டிய இடத்துல 11,000 இருந்தா, யாரோ ஒரு மாசம் எடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

இன்னொரு இடம் கிரெடிட் கார்டு. இன்னிக்கு ஸ்வைப் பண்ணது அடுத்த மாசம் பில்லா வரும். பட்ஜெட்டுல அதை அடுத்த மாசச் செலவா எழுதினா மொத்தக் கணக்கும் ஒரு மாசம் தள்ளிப் போயிடும். ஸ்வைப் பண்ண அன்னிக்கே சம்பந்தப்பட்ட வரியில கழிச்சிடுங்க. மளிகைக்கு 3,000 கார்டுல போட்டா மளிகை வரியில 3,000 போயிடுச்சு, அந்தப் பணம் இனிமே பில் கட்டத்தான். இதைப் பண்ண முடியலைன்னா பட்ஜெட் பழகுற வரைக்கும் கார்டை பீரோவுல வெச்சிடுங்க.

அப்புறம், நாப்பது வரி போடாதீங்க. பால் தனி, தயிர் தனி, கீரை தனின்னு எழுதினா பத்தாம் தேதிக்கு மேல யாருக்கும் பொறுமை இருக்காது. பதினஞ்சு, பதினெட்டு வரி போதும். ஷீட்டா, ஆப்பா, நோட்டாங்கிறது உங்க இஷ்டம்.

அப்போ 50-30-20 எதுக்கு?

ஜீரோ பேஸ்டு பட்ஜெட்டுல எனக்குப் பிடிக்காத ஒண்ணு இருக்கு. அது எந்த நிலைமையையும் சரியா இருக்கிற மாதிரி காட்டிடும். வாடகை 30,000 ஆனாலும் மத்த வரியையெல்லாம் நசுக்கி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திடலாம். ஷீட் பாக்க சுத்தமா இருக்கும். ஆனா அந்த வீடு சம்பளத்துக்கு மீறின சுமையைத் தாங்கிட்டு நிக்குதுன்னு அது சொல்லாது. அதைச் சொல்றது சதவீதம்தான்.

நம்ம குடும்பத்தோட 75 சதவீதத்தை மறுபடியும் பாருங்க. 27,000 வாங்குறவரோட வேலை போச்சுன்னா வர்றது 48,000, கட்டாயச் செலவு 56,500. எஸ்ஐபி, சினிமா எல்லாத்தையும் நிறுத்தினாலும் மாசம் 8,500 துண்டு விழும். 48,000 வாங்குறவரோட வேலை போச்சுன்னா மாசம் 29,500 துண்டு. ஆறு மாசம் தாக்குப்பிடிக்க 1,77,000 வேணும். எமர்ஜென்சி ஃபண்டுக்கு மாசம் 3,000 போட்டுட்டு இருந்தா அந்தத் தொகை சேர 59 மாசம் ஆகும், கிட்டத்தட்ட அஞ்சு வருஷம்! வாரன் 50-ன்னு சொன்னதுக்குப் பின்னால இருக்கிற நியாயம் இதுதான்: கட்டாயச் செலவு பாதிக்குள்ள இருந்தா, வருமானம் பாதியா குறைஞ்சாலும் வீடு ஓடும்.

அதனால இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்ற முதல் மாற்றம், மேல போட்ட லிஸ்ட்டுல எஸ்ஐபி-யையும் எமர்ஜென்சி ஃபண்டையும் இடம் மாத்தறது. எமர்ஜென்சிக்கு 6,000, எஸ்ஐபி-க்கு 3,000. அப்போ ரெண்டரை வருஷத்துல 1,77,000 வந்திடும். பைக் இஎம்ஐ முடியும்போது அந்த 3,500-ம் அங்கயே போகணும். எஸ்ஐபி-யைக் குறைக்கச் சொன்னா சில பேருக்குக் கோபம் வரும், தெரியும். ஆனா 75 சதவீதம் கட்டாயச் செலவு இருக்கிற வீட்டுல, வேலை போன ரெண்டாவது மாசமே அந்த எஸ்ஐபி யூனிட்டுகளை என்ன விலைக்கும் விக்க வேண்டி வரும்.

உங்க வீட்டுக்கு எது சரின்னு பார்க்க, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பில்லையும் பன்னிரண்டா பிரிச்சு சேர்த்து, கட்டாயச் செலவு எத்தனை சதவீதம்னு போடுங்க. என்னோட அனுபவ அளவுகோல் இது, யாரும் போட்ட சட்டம் இல்ல: 55-க்குள்ள வந்தா 50-30-20 போதும், ஃபீஸுக்கு மட்டும் தனி அக்கவுன்ட் வெச்சுட்டு மத்ததை அதோட போக்குல விடலாம். உக்காந்து வரி வரியா எழுத வேண்டிய அவசியமே இல்ல. 60-ஐத் தாண்டினா ஜீரோ பேஸ்டுதான். நடுவுல இருந்தா, ரெண்டு பேர்ல யாருக்கு எழுதுற பொறுமை இருக்குங்கிறதைப் பொறுத்தது.

இந்த சதவீதக் கணக்கைப் போட ரெண்டு சரியான நேரம் இருக்கு. ஒண்ணு, வீட்டு ஓனர்கிட்ட 11 மாச அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கறதுக்கு முன்னாடி. இன்னொண்ணு, ஸ்கூல்ல இருந்து அடுத்த வருஷத்துக்கான ஃபீஸ் சர்க்குலர் வந்த அன்னிக்கு. நம்ம குடும்பத்துக்கு வாடகை 5 சதவீதம் ஏறினா மாசம் 850. ஸ்கூல் செலவு 10 சதவீதம் ஏறினா 84,000 என்பது 92,400 ஆகும், மாசத்துக்கு 700 கூடும், ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனை 7,700-ன்னு மாத்தணும். ரெண்டும் சேர்ந்து 1,550. வருஷத்துக்கு 18,600. அந்த வருஷ இன்க்ரிமென்ட்ல டேக்-ஹோம் மாசம் 1,550 கூடினா, போன வருஷம் நின்ன அதே இடத்துலதான் நிக்கிறீங்க. அதுக்கு மேல வர்ற ரூபாயைத்தான் புதுசா எந்த வரியில போடலாம்னு பேச முடியும்.